கேட்டைத் தாண்டும் மண்

சென்னையில் 20 அடிச் சாலை ஒன்று. அதில் 5 கிரவுண்டு மனை. பழைய வீட்டை இடித்துவிட்டு இரண்டு அடுக்கு பேஸ்மென்ட்டுடன் குடியிருப்பு கட்டப்போகிறார்கள். சுமார் 900 சதுர மீட்டர் பரப்பில் 7 மீட்டர் ஆழம் தோண்டினால் 6,300 கன மீட்டர் மண் வெளியேற வேண்டும். தோண்டிய மண் உப்பும். கால் பங்கு கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், 10 கன மீட்டர் கொள்ளும் டிப்பர் லாரி ஏறத்தாழ 790 நடை போக வேண்டும். ஒவ்வொரு நடையிலும் டயரில் ஒட்டி 5 கிலோ சேறு சாலைக்கு வந்தாலும் மொத்தம் 4 டன் ஆகிறது. தெருவில் காய்ந்து, அடுத்த லாரியின் சக்கரத்தில் அரைபட்டு, எதிர்வீட்டு ஜன்னலுக்குள் தூசியாகப் போவது இந்தச் சேறுதான். மழை வந்தால் அதுவே மழைநீர் வடிகாலுக்குள் இறங்கும்.

தூசியையும் சேற்றையும் தனித்தனித் தொல்லையாகப் பார்ப்பதில்தான் பல கட்டுமானத் திட்டங்கள் தவறுகின்றன. தூசி அடங்கட்டும் என்று டேங்கர் தண்ணீரை மிதமிஞ்சித் தெளித்தால் சேறு பெருகும். சேறு கேட்டைத் தாண்டினால் மறுநாள் தூசியாகும். ஆகவே ஒரு தளத்தின் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம் உண்மையில் நடக்கிறதா என்று பார்க்க விரும்புபவர் முதலில் கேட்டருகே நிற்கலாம். வெளியேறும் லாரி இரும்புக் கம்பிப் பாலத்தின் மேல் குலுங்கி ஏறி, இரண்டு பேர் அழுத்தக் குழாயால் சக்கரத்தையும் அடிப்பாகத்தையும் கழுவிய பிறகு சாலைக்கு வர வேண்டும். கழுவிய நீர் மனைக்குள்ளேயே இருக்கும் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். இதற்கு ஒரு லாரிக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நிமிடங்களை மிச்சப்படுத்தவே பலர் இதைக் கைவிடுகிறார்கள். சாரத்தில் தொங்கும் பச்சை வலையை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. மேலிருந்து விழும் பொருளையும் கொஞ்சம் பெருந்துகளையும் அது தடுக்கும். நுண்தூசி அதன் கண்கள் வழியே எளிதாகப் போய்விடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பம்பின் குழாய். சென்னையின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் சில மீட்டர் ஆழத்திலேயே இருப்பதால், பேஸ்மென்ட் தோண்டும்போது இரவு பகலாக நீரை இறைக்க வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 500 லிட்டர் இறைக்கும் பம்பின் குழாயை 10,000 லிட்டர் தொட்டியில் விட்டால், நீர் அங்கே தங்குவது 20 நிமிடம்தான். மணல் அதற்குள் அடியில் படிந்துவிடும். ஆனால் 0.02 மில்லிமீட்டர் அளவுள்ள வண்டல் துகள் ஒரு மீட்டர் கீழிறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். களிமண் துகளுக்கோ நாள்கணக்கில் தேவை. அதனால்தான் தொட்டி வைத்திருந்தும் வடிகாலில் காப்பி நிற நீர் ஓடுகிறது. தடுப்புச் சுவர்களால் மூன்று அறையாகப் பிரித்த பெரிய தொட்டி, படிகாரம் சேர்த்து நுண்துகளைத் திரளச் செய்வது, படிந்த வண்டலை அவ்வப்போது அள்ளுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் நீர் தெளியும். நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு இந்தியப் பொதுத் தரம் அனுமதிக்கும் தொங்கல் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம். சிங்கப்பூரில் கட்டுமானத் தளத்திலிருந்து வடிகாலுக்குப் போகும் நீருக்கு வரம்பு 50 மில்லிகிராம்.

கலங்கல் நீர் இன்னொரு ஆபத்துக்கும் அறிகுறி. பம்பு வெளியே தள்ளும் ஒவ்வொரு வாளி வண்டலும் எங்கிருந்தோ அரித்து வந்தது. பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் அடியிலிருந்தும் வந்திருக்கலாம். பம்பை வெறும் குழியில் இறக்காமல், துளையிட்ட குழாயைச் சுற்றி ஜல்லியும் வடிதுணியும் இட்டு அதற்குள் இறக்கினால் மண் இருந்த இடத்திலேயே நிற்கும், நீர் மட்டும் வரும். தோண்டத் தொடங்குமுன் அக்கம்பக்கத்தினர் தங்கள் சுவர், தரை, மதில் எல்லாவற்றையும் தேதியுடன் படமெடுத்து வைப்பது அவசியம். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லைச் சிமென்ட் சாந்தால் ஒட்டி, மேலே தேதி எழுதலாம். சில்லு உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள். அன்றே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். இந்தச் சான்று இல்லாமல் பிறகு கேட்கும் இழப்பீடு வெறும் வாய்ப்பேச்சாகிவிடுகிறது.

சத்தம் விஷயத்தில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு வரம்பு 45. கான்கிரீட்டை உடைக்கும் பிரேக்கர் 10 மீட்டரில் 85 டெசிபல் எழுப்பினால், 20 மீட்டரிலும் 79 இருக்கும். தகரத் தடுப்பு தரைத்தளத்துக்கு ஓரளவு உதவும். அதற்கு மேலே எட்டிப் பார்க்கும் இரண்டாம் மாடி ஜன்னலுக்கு உதவாது. நெருக்கமான தெருவில் பகல் வரம்பைக் காப்பது கடினம். ஆகவே கருவியை மாற்றச் சொல்வதே பலன் தரும்: அடித்து இறக்கும் பைலுக்குப் பதில் துளையிட்டு வார்க்கும் பைல், பிரேக்கருக்குப் பதில் நெரித்து உடைக்கும் தாடைக் கருவி, உடைக்கும் வேலைக்கு முன்னறிவித்த சில மணி நேரம்.

இரவு நேரத்தில் பேரத்துக்கு இடமில்லை. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை. 2010-இல் சேர்ந்த திருத்தப்படி, குடியிருப்புப் பகுதியிலும் அமைதி மண்டலத்திலும் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் எழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கக் கூடாது. பகலில் கனரக வண்டிக்குத் தடை இருப்பதால் இரவில் வேலை செய்கிறோம் என்பது வழக்கமான பதில். வண்டி நகரத்துக்குள் வரும் நேரம் வேறு, நள்ளிரவில் பொக்லைனை ஓட்டுவது வேறு. பகல் சத்தத்துக்குப் புகார் தர வரம்பைவிட 10 டெசிபல் மிகுந்திருக்க வேண்டும். இரவுத் தடையை மீறினால் அந்தக் கணக்கே தேவையில்லை. தேதி, நேரம், காணொளி போதும். காவல்துறைக்குச் சொல்லலாம். கைப்பேசிச் செயலியின் அளவு துல்லியமானதல்ல. அதையே ஆதாரமாக நம்ப வேண்டாம்.

சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால்தான் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி தேவை. அனுமதி பெற்ற நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை இணக்க அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். யார் விண்ணப்பித்தாலும் நகல் தர வேண்டும். மேலே சொன்ன 5 கிரவுண்டு மனையில் எழும் கட்டடம் இந்த வரம்பை எட்டாது. ஆனால் நுண்துகள் வரம்பை மீறும் நகரங்களுக்காக 2018-இல் வந்த தூசித் தடுப்பு விதிகளில் சில சிறிய தளங்களுக்கும் பொருந்தும்: டைல்ஸ், கிரானைட்டைத் திறந்தவெளியில் அறுக்கக் கூடாது, சாலையோரத்தில் மணலும் ஜல்லியும் குவிக்கக் கூடாது, மூடாத லாரியில் ஏற்றிச் செல்லக் கூடாது. கல் அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசியால் முதலில் நுரையீரல் கெடுவது அறுக்கும் தொழிலாளிக்குத்தான். அவருக்காகவும் இந்த விதிமீறல் பற்றிப் புகார் தர வேண்டும்.

சாலைச் சேறு, வடிகாலில் விடும் கலங்கல் நீர் இரண்டுக்கும் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். கண்ணாடிப் பாட்டிலில் பம்புக் குழாயிலிருந்து வரும் நீரைப் பிடித்து, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, முன்னும் பின்னும் எடுத்த படங்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு மனுவுடன் அனுப்பலாம். எதுவும் நகரவில்லை என்றால் சென்னையிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். இழப்பீடு கோருவதற்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். புகார்ப் பதிவு எண்களையும் தேதியிட்ட படங்களையும் வரிசைப்படி இணைத்துவிட வேண்டும்.