பெட்டியில் பால் ஆறு மாதம், பாட்டிலில் எண்ணெய் இரண்டு மாதமா?

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘‘எங்கள் நிலத்தில் விளைந்த கடலையை மரச்செக்கில் ஆட்டி, ஒரு லிட்டர் பாட்டிலில் அடைத்து, சென்னை பெசன்ட் நகரில் ஒரு கடைக்கு அனுப்புகிறோம். சென்ற முறை அனுப்பியதில் 40 பாட்டில்களை ‘சிக்கு வாடை அடிக்கிறது’ என்று இரண்டு மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பால்கூட டெட்ரா பேக்கில் ஆறு மாதம் நிற்கிறதே, நாங்களும் அதற்கு மாறலாமா? அல்லது பிளாஸ்டிக்கை விட்டுக் கண்ணாடி பாட்டில் வாங்கலாமா?’’

40 லிட்டர் எண்ணெய் என்பது ஒரு சிறு குடும்பத்துக்குப் பெரிய இழப்பு. அதனால் பாட்டில் கடைக்குப் போவதற்கு முன்னால், பெசன்ட் நகரில் எண்ணெய் விற்கும் அந்தக் கடைக்கே போனோம். அங்கே ஒரே சுவரில் பெட்டியில் பாலும், டின்னில் மாம்பழக் கூழும், பாட்டிலில் எண்ணெயும் அடுத்தடுத்து இருந்தன. மூன்றும் ஏன் வேறு வேறு காலம் நிற்கின்றன என்று தெரிந்தால், கேள்விக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

பெட்டிக்குள் ஆறு அடுக்கு

டெட்ரா பேக் ஸ்வீடன் நாட்டில் பிறந்தது. 1951-ல் ரூபன் ரவுசிங் என்பவர் தொடங்கிய நிறுவனத்தின் முதல் பெட்டிக்கு நான்கு முகங்கள்தான் இருந்தன. பெயரும் அதிலிருந்து வந்ததுதான். நம் ஊரில் 1985-ல் வந்த ஃப்ரூட்டி மாம்பழ பானம் மூலம் பலர் அதை முதலில் பார்த்தார்கள்.

பெட்டியின் ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் வெறும் அட்டை போலத்தான் தெரியும். உண்மையில் ஆறு அடுக்குகள் இருக்கின்றன. வெளியே ஈரம் படாமல் இருக்க மெல்லிய பாலிதீன், அடுத்து விறைப்பாக நிற்க அட்டை, அதை ஒட்டிப் பிடிக்க மீண்டும் பாலிதீன், பிறகு அலுமினியத் தாள், கடைசியாகப் பாலைத் தொடும் பக்கம் இரண்டு பாலிதீன் அடுக்கு. எடையில் முக்கால் பங்கு அட்டைதான். அலுமினியம் நம் தலைமுடியின் பருமனில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் காற்றையும் வெளிச்சத்தையும் தடுத்து நிறுத்துவது அந்த அடுக்கு.

இவ்வளவு இருந்தும் பாலைக் கெடாமல் வைப்பது பெட்டி மட்டும் அல்ல. பாக்கெட் பாலைச் சுமார் 72 டிகிரி சூட்டில் 15 விநாடி காய்ச்சுகிறார்கள். நோய்க்கிருமிகள் சாகும், ஆனால் பாலைக் கெடுக்கும் சில நுண்ணுயிர்களும் அவற்றின் வித்துகளும் பிழைத்திருக்கும். அதனால்தான் பாக்கெட் பாலைக் குளிரில் வைக்க வேண்டியிருக்கிறது. பெட்டிப் பாலை 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் சூடாக்கி, வித்துகளையும் அழித்து, உடனே ஆறவைக்கிறார்கள். பெட்டிக்கான தாளையும் ஹைட்ரஜன் பெராக்சைடால் கிருமி நீக்குகிறார்கள். பிறகு கிருமியில்லாத அறைக்குள் பாலை நிரப்பி, பால் மட்டத்துக்குக் கீழேயே தாளை அழுத்தி ஒட்டுகிறார்கள். அதனால் உள்ளே காற்றுக்கு இடமே இருப்பதில்லை.

பாக்கெட் பாலை அதே பெட்டியில் ஊற்றி ஒட்டி வெளியில் வைத்தால், மறுநாளே திரிந்துவிடும். பெட்டிப் பாலையும் திறந்துவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாளில் தீர்க்க வேண்டும். அதாவது, ஆயுளைத் தருவது உள்ளே செய்த பக்குவம். அந்தப் பக்குவம் கலையாமல் காவல் காப்பதுதான் பெட்டியின் வேலை.

டின்னுக்குள் ஒரு பூச்சு

அடுத்து மாம்பழக் கூழ். கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயிகளுக்கு இது தெரிந்த கதை. அங்கே விளையும் பெங்களூரா மாங்காயில் பெரும்பங்கு கூழ் ஆலைகளுக்குத்தான் போகிறது. பழத்தைக் கழுவி, கொட்டை நீக்கி, கூழாக்கி, சூடாக்கி, 3.1 கிலோ பிடிக்கும் டின்னில் சூடாகவே நிரப்பி மூடுகிறார்கள். மூடிய டின்னை மீண்டும் கொதிநீரில் வேகவைத்துக் குளிர்விக்கிறார்கள்.

மாம்பழக் கூழ் புளிப்பு உள்ளது. அதனால் கொதிநீர்ச் சூடே போதும். புளிப்பு இல்லாத காய்கறி, பயறு, இறைச்சி போன்றவற்றுக்கு அது போதாது. அழுத்தக் கலனில் 121 டிகிரி வரை சூடேற்றினால்தான் உயிர்கொல்லி நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்து சாகும். எனவே வீட்டில் காய்கறியை வேகவைத்து, காற்றுப் புகாமல் மூடி, வெளியில் வைத்து விற்கும் முயற்சி வேண்டாம்.

அதே புளிப்பு டின்னின் இரும்பை அரிக்கவும் செய்யும். அதைத் தடுக்கத்தான் உட்புறம் மெல்லிய பூச்சு அடிக்கிறார்கள். நீண்டகாலமாக எபாக்சி பூச்சுதான் வழக்கம். அதில் வரும் பிஸ்பீனால் ஏ என்ற பொருள் உணவில் சிறிதளவு இறங்குகிறது என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் உணவைத் தொடும் பொருள்களில் அதைத் தடை செய்தது. வேறு பூச்சுகளும் இப்போது வருகின்றன.

டின் வாங்கும்போது ஆழமாக நசுங்கியதை எடுக்காதீர்கள். நசுங்கிய இடத்தில் பூச்சு வெடித்திருக்கலாம், தையலும் விட்டிருக்கலாம். மூடி உப்பியிருந்தால் சுவைத்துப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். உள்ளே கிருமி வளர்ந்தாலும் உப்பும், உலோகத்தைப் புளிப்பு அரித்தாலும் உப்பும். திறந்த டின்னிலேயே மீதியை வைக்காமல் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கடலோரக் கடைகளில் உப்புக்காற்றால் டின்னின் வெளிப்புறமும் துருப்பிடிக்கும் என்பதையும் கவனியுங்கள்.

எண்ணெய்க்கு எதிரி வேறு

இப்போது நம் வாசகியின் பாட்டிலுக்கு வருவோம். பாலையும் கூழையும் கெடுப்பவை கிருமிகள். எண்ணெயில் தண்ணீர் இல்லை, அதனால் கிருமி வளர்வதில்லை. எண்ணெயைக் கெடுப்பது காற்றிலுள்ள ஆக்சிஜன். அதற்குத் துணை நிற்பவை வெளிச்சம், வெப்பம், செம்பு, இரும்பு ஆகியவை. பாலுக்குச் செய்யும் சூடு இங்கே தேவையில்லை. எனவே டெட்ரா பேக் இயந்திரத்தைத் தேடவும் வேண்டாம்.

அந்தக் கடையில் எண்ணெய் பாட்டில்கள் கிழக்குப் பார்த்த கண்ணாடிச் சன்னலை ஒட்டி அடுக்கியிருந்தன. கடற்கரைப் பக்கமிருந்து வரும் காலை வெயில் நேரே அவற்றின்மேல் விழுந்தது. ‘‘பளபளன்னு தெரிஞ்சாத்தான் சார் வாங்குறாங்க’’ என்றார் கடையில் இருந்த பெண். பாட்டில் நிறமில்லாத பெட் பிளாஸ்டிக். கழுத்துக்குக் கீழே மூன்று விரல் அளவுக்குக் காற்று இருந்தது. அடியில் லேசாகக் கசடு.

நிறமில்லாத கண்ணாடிக்கு மாறினால் இது தீர்ந்துவிடுமா? பாதிதான் தீரும். கண்ணாடி வழியாகக் காற்று துளியும் புகாது. பெட் பிளாஸ்டிக் வழியாக மிக மெதுவாகப் புகும். ஆனால் வெளிச்சத்தை இரண்டுமே உள்ளே விடும். வெயிலில் நிற்கும் தெளிந்த கண்ணாடி பாட்டிலைவிட, இருட்டில் நிற்கும் பிளாஸ்டிக் பாட்டில் மேல். பழுப்பு நிறக் கண்ணாடி இரண்டையும் தடுக்கும். ஆனால் ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில் காலியாகவே அரைக் கிலோ அளவுக்கு எடை இருக்கும், வண்டியில் உடையும். உட்பூச்சு உள்ள புதிய டின் வெளிச்சத்தை முழுதும் தடுக்கும். ஒருமுறை பயன்படுத்திய டின்னில் சமையல் எண்ணெய் அடைப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

செக்கடியிலேயே தொடங்குங்கள்

பாட்டிலை மாற்றுவதற்கு முன் மாற்ற வேண்டியவை சில உண்டு. கடலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பூஞ்சை பிடித்த, சுருங்கிய பருப்பைப் பொறுக்கி எறிய வேண்டும். ஆட்டிய எண்ணெயை வெயிலில் திறந்து வைத்துத் தெளியவிடுவது பல ஊர்களில் வழக்கம். அந்த வெயிலிலேயே கெடுதல் தொடங்கிவிடுகிறது. மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில், நிழலில், சில நாள் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, மேலெண்ணெயைத் துணியில் வடிகட்டுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம். கசடில் ஈரம் ஒட்டியிருக்கும். அது பாட்டிலுக்குள் போகக் கூடாது.

பாட்டிலைக் கழுவினால் முற்றிலும் காயவைத்த பிறகே நிரப்புங்கள். பெட்டிப் பாலில் காற்றுக்கு இடம் விடாததைப் போல, இங்கேயும் கழுத்து வரை நிரப்புங்கள். அரை லிட்டர் பாட்டிலும் சேர்த்து அனுப்பினால், வாங்கியவர் வீட்டில் திறந்த பாட்டில் நீண்ட நாள் நிற்காது.

தேதி எப்படிப் போடுவது?

பக்கத்துக் கம்பெனி ஆறு மாதம் போட்டிருக்கிறது என்று நாமும் போடக் கூடாது. ஒரே நாள் ஆட்டிய எண்ணெயில் 12 பாட்டில் எடுங்கள். நான்கை நிறமில்லாத பிளாஸ்டிக்கிலும், நான்கைப் பழுப்புக் கண்ணாடியிலும், நான்கை அதே பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து அட்டைப் பெட்டிக்குள்ளும் வையுங்கள். மூன்று வகையையும் கடையில் இருப்பது போலவே வெளிச்சம் படும் இடத்தில் நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் திறந்து, கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். வீட்டில் இரண்டு பேராவது, எது எந்தப் பாட்டில் என்று தெரியாமல் முகர வேண்டும். மூக்குக்குத் தெரியும் முன்பே கெடுதல் தொடங்கியிருக்கும் என்பதால், உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பெராக்சைடு அளவையும் பார்த்துவிடுவது நல்லது.

உதாரணமாக, பழுப்புக் கண்ணாடியில் நான்காம் மாதம்தான் வாடை மாறியது என்றால், தேதியை மூன்று மாதத்துக்கே போடுங்கள். லேபிளில் அடைத்த தேதியும், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதியும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் இருக்க வேண்டும். ‘வெயில் படாமல் வைக்கவும், திறந்தபின் ஒரு மாதத்தில் தீர்க்கவும்’ என்ற வரியையும் சேருங்கள். கடைசித் தேதி என்பது மூடிய பாட்டிலுக்கு மட்டும்தான் பொருந்தும்.

வாசகிக்கு எங்கள் பதில் இது. அடுத்த முறை இதே பாட்டில்களைக் கழுத்து வரை நிரப்பி, அட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள். சன்னலில் காட்டுவதற்கு ஒரே ஒரு பாட்டிலை மட்டும் கொடுத்து, அதை விற்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். இதைச் சொன்னபோது அந்தக் கடைப் பெண் உடனே ஒத்துக்கொண்டார். கண்ணாடிக்குச் செலவழிப்பதா என்பதை, உங்கள் 12 பாட்டில்களும் சொன்ன பிறகு முடிவு செய்யலாம்.