மண்டபத்துக்குள் மூன்று மணி நேரம் – 7
இருபத்தேழு நிமிடங்கள்

கடந்தகால வினாத்தாள்களில் எதை இப்போது செய்வது, எதைக் கடைசி மாதத்துக்கு ஒதுக்குவது என்று போன வாரம் பார்த்தோம். 2019இல் புதிய பாடத்திட்டத்தில் முதல் பரீட்சை வந்ததால் முழுதாகப் பொருந்தும் தாள்கள் கொஞ்சம்தான், வீணாக்கக்கூடாது என்றேன். மிச்சம் உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் களைப்பைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாலையூற்றில் அக்கா வீட்டு விறாந்தையில் மருமகனுக்கு இணைந்த கணிதம் முதலாம் தாளை வைத்தபோது ஒரு கணக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

தாளின் அமைப்பு தெரிந்ததுதான். பகுதி A-யில் பத்து வினாக்கள், எல்லாம் கட்டாயம், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. பகுதி B-யில் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 150. மொத்தம் 1000 புள்ளி, 180 நிமிடம். வகுத்துப் பாருங்கள். பகுதி A வினா ஒன்றுக்கு நாலரை நிமிடமும் பகுதி B வினா ஒன்றுக்கு 27 நிமிடமும் வரும். அதாவது 45 நிமிடமும் 135 நிமிடமும், மிச்சமில்லாமல் 180. இத்தனை வருடம் இந்தத் தாளைக் கையில் வைத்திருந்தும் இதை நான் வகுத்துப் பார்த்ததே இல்லை.

மேசையில் தாளும் பேனாவும் மட்டும். கைபேசி அக்காவிடம். சுவர் மணிக்கூட்டைக் கழற்றி அவன் எதிரே வைத்தேன். காலை எட்டரைக்குத் தாளைக் கொடுத்தேன். மேலதிக வாசிப்பு நேரமான முதல் 10 நிமிடமும் பேனா மூடியோடு இருந்தது; 11 தொடக்கம் 17 வரை வாசித்து, தான் செய்யப்போகும் ஐந்தையும் அவன் அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வினாவையும் தொடங்கிய, விட்ட நேரத்தை நான் பக்கத்தில் ஒரு கொப்பியில் குறித்தேன். புள்ளியை விட அந்தக் கொப்பிதான் பிறகு உதவியது.

பகுதி A-க்கு 68 நிமிடம் போயிருந்தது. எட்டு வினா ஐந்தைந்து நிமிடத்தில் முடிந்தது. சமனிலிக்கு 17, எல்லைக்கு 11. மீதி 112 நிமிடத்தில் பகுதி B-யில் நான்கு வினா, ஒவ்வொன்றும் 28 நிமிடம். நிதானமான, நல்ல வேகம். ஐந்தாவது வினாவின் இலக்கத்தைக்கூட எழுத நேரமில்லை. தாமதம் சமனிலியில் நடந்தது, வெற்றுத்தாள் மூன்றாவது மணியில் தெரிந்தது. கொப்பி இல்லாவிட்டால் “பகுதி B-யில் வேகம் காணாது” என்று தவறாக முடிவெடுத்திருப்போம்.

“விட மனம் வரேல்ல மாமா, இன்னும் ஒரு வரிதான் என்று நினைச்சன்” என்றான்.

அந்த ஒரு வரி எவ்வளவு பெறும்? புள்ளி வழங்கும் திட்டத்தைத் திறந்து பார்த்தோம். படிகளுக்கு ஐந்தைந்தாகப் புள்ளி. சமனிலியில் ஐந்து நிமிடத்துக்குள் 15 எடுத்துவிட்டான். பிந்திய 12 நிமிடமும் மிஞ்சிய 10 புள்ளிக்காக. அதே 12 நிமிடத்தில், தொடாமல் விட்ட வினாவின் முதற் பகுதியை எழுதியிருந்தால் அதைவிடக் கூடுதலாக வந்திருக்கும். 150 புள்ளி வினாவில் தொடக்கப் படிகள்தான் இலகுவானவை.

அடுத்த தாளுக்கு ஒரே விதி வைத்தோம்: நாலரை நிமிடம் கடந்தால் எழுதும் வரியை முடித்துவிட்டு அடுத்த வினா. பகுதி A 49 நிமிடத்தில் முடிந்தது, இரண்டு வினா அரைகுறை. பகுதி B-யில் நாலு வினா 27 நிமிடப்படி. ஐந்தாவதுக்கு 23 நிமிடம் கிடைத்தது. அதில் பாதிக்கு மேல் எழுதினான்.

வீட்டில் எதை விட்டாலும் மேற்பார்வையாளரிடம் கையளிக்கும் வேலையை விடாதீர்கள். பகுதி A-யின் விடைத்தாள் மேலே, பகுதி B கீழே, இரண்டையும் இணைத்துக் கட்ட வேண்டும். நேரத்துக்குள் இதற்கும் ஓரிரு நிமிடம் வேண்டும் என்பது முதல் தடவை எங்களுக்கு ஞாபகமே வரவில்லை.

தனியே வீட்டில் இருப்பதும் போதாது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத் தமிழ் மாணவர்கள் வருடாவருடம் நடத்தும் முன்னோடிப் பரீட்சையை ஒருமுறையாவது எழுத வேண்டும். தெரியாத தாள், தெரியாத மேசை, பக்கத்தில் இன்னொரு பிள்ளை கூடுதல் தாள் கேட்டு எழும்பும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் கை பதறி, செய்துகொண்டிருக்கும் வினாவை விட்டுத் தாவத் தோன்றும். விறாந்தையில் இது வராது.

மழையும் அப்படித்தான். 2024 உயர்தரம் நவம்பர் 25இல் தொடங்கி, வெள்ளத்தால் 27இல் நின்று, டிசம்பர் 4இல்தான் மீண்டும் நடந்தது. பரீட்சை நவம்பரில் வருமானால் எங்கள் பக்கத்தில் அது மாரிதான். அதனால் அடுத்த தாளை மழை பெய்யும் நாளில், மின்குமிழ் போடாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

களைப்பு அடுத்த வாரத்துக்குப் போகிறது. இப்போதைக்கு ஒன்று செய்து வையுங்கள்: உங்கள் பிள்ளையின் விடைத்தாளில் முதல் அரைமணியில் எழுதிய வரிகளையும் கடைசி அரைமணியில் எழுதிய வரிகளையும் எண்ணுங்கள். சக, சய குறி மாறிய இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். மருமகனின் தாளில் ஏழு வட்டம். ஐந்து பத்தரைக்குப் பிறகு விழுந்தவை.