பூனை பேசினால் எத்தனை சொல் பேசும்?

ஹென்றி ஒரு கறுப்பு வெள்ளைப் பூனை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் திரைப்படம் படித்த வில் பிரேடன் என்ற இளைஞர், 2006-இல் பாடப் பயிற்சிக்காக அதை வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. பின்னால் பிரெஞ்சு மொழியில் ஒரு சலித்த குரல், கீழே ஆங்கிலத்தில் எழுத்து. வாழ்க்கையின் வெறுமையைப் பற்றி ஹென்றி சிந்திக்கிறது. திரையிலோ அது சும்மா உட்கார்ந்திருக்கிறது, தூங்குகிறது, சன்னலைப் பார்க்கிறது. இதன் இரண்டாம் பாகம் 2012-இல் வந்தது. அதே ஆண்டு மின்னியாபொலிஸ் நகரத்து வாக்கர் கலை மையம் பூனை வீடியோக்களுக்கென்றே ஒரு விழா நடத்த, முதல் பரிசு அதற்குத்தான் போனது.

ஹென்றி எந்த வித்தையும் செய்வதில்லை. குரல் ஒன்றைச் சொல்கிறது, படம் வேறொன்றைக் காட்டுகிறது. சிரிப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் பிறக்கிறது. வீட்டு நாய், பூனையின் வீடியோவுக்குப் பின்குரல் எழுத நினைப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். நம் ஊர் வீடியோக்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறாக, திரையில் தெரிவதையே வாயாலும் சொல்கின்றன. பூனை பால் குடிக்கும்போது “நான் பால் குடிக்கிறேன்” என்கிறது குரல். அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோமே!

வசனத்தை எழுதிவிட்டுப் பூனையை நடிக்க வைக்க முடியாது. எனவே முதல் வேலை படம் பிடிப்பது. பிறகு ஒலியை அணைத்துவிட்டு இரண்டு மூன்று தடவை பார்த்து, எந்த நொடியில் விலங்கு என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எழுதுவது அதற்கப்புறம்தான்.

உதாரணத்துக்கு 40 நொடி வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொல்லையில் ஒரு அம்மா அரிவாள்மனையில் மத்தி மீன் ஆய்கிறார். பூனை அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறது. ஒரு காது மட்டும் பின்பக்கம் திரும்பியிருக்கிறது. அடுத்து, பூனை கண்ணை மூடிக்கொண்டு சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாவதாக, ஒரு முன்னங்கால் மெல்லச் சட்டியை நோக்கி நீள்கிறது. அம்மா புறங்கையால் அதைத் தள்ளி வைக்கிறார். கடைசியில் முள் எடுத்த ஒரு துண்டு அதன் முன்னால் விழுகிறது.

இதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் வசனம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “இன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் மீன் குழம்பு. மத்தி விலை ஏறிவிட்டதாம். ஆனால் எனக்கு மட்டும் இந்த வீட்டில் மரியாதையே இல்லை. ஒரு துண்டு கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?” படிக்கும்போது தப்பாகத் தெரியாது. ஆனால் இதில் பேசுவது பூனை இல்லை, பூனைத்தோல் போர்த்திய ஒரு குடும்பத்தலைவர். பூனைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, விலை தெரியாது, குழம்பு வைக்கும் திட்டமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது மீன்காரரின் ஹாரன், அரிவாள்மனையைத் தரையில் வைக்கும் சத்தம், அந்த வாசனை. பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. லட்டுக்கு ஏங்கும் பூனையை எழுதினால் பூனை வளர்ப்பவர் அங்கேயே நம்பிக்கை இழப்பார். நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் தெளிவாகப் பிரிந்து தெரியும்; சிவப்பையும் பச்சையையும் அது பிரித்தறியாது. புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்தைத் தாண்டி ஓடிவிட்டு மோப்பத்தால் திரும்பி வரும் நாய்க்கு இந்த உண்மையே ஒரு நகைச்சுவை.

சரி, அந்த வசனத்தை அடித்துவிட்டு, பூனைக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து எழுதலாம்.

முதுகு காட்டும் காட்சியில், காது திரும்பிய பிறகு: “மீன் வந்திருக்கிறதாம். நான் கவனிக்கவில்லை.”

சட்டிக்குப் பக்கத்தில்: “கண்ணை மூடியிருக்கிறேன். ஆகவே நான் இங்கே இல்லை.”

கால் நீளும்போது வசனம் வேண்டாம். நீண்டு முடிந்ததும்: “இந்தக் கால் யாருடையது?”

அம்மா தள்ளி வைத்த பிறகு: “விசாரித்துச் சொல்கிறேன்.”

துண்டு விழுந்ததும்: “அவர்களாகக் கொடுத்தார்கள். மறுத்தால் நன்றாக இருக்காது.”

மொத்தம் இருபதே சொல். நிதானமாகப் படித்தால் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல் படிக்கலாம். அந்தக் கணக்கில் 40 நொடியில் அறுபது, எழுபது சொல் அடைக்க இடம் உண்டு. அடைக்கக் கூடாது. பார்ப்பவர் முதலில் காதைப் பார்க்க வேண்டும், பிறகு குரலைக் கேட்க வேண்டும், அப்புறம் சிரிக்க ஒன்றிரண்டு நொடி வேண்டும். வசனம் காதுக்கு முன்னால் வந்துவிட்டால் காதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அடுத்த வசனம் ஒட்டிக்கொண்டு வந்தால் முந்தைய சிரிப்பு நசுங்கிவிடும். எழுதியதை ஓடும் படத்தோடு சத்தமாகப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அந்த வரி நீளம்.

மேலே உள்ள பூனை எழுத்துநடையில் பேசுகிறது. அந்த மிடுக்கு பூனைக்குப் பொருந்தும். அதே வார்த்தையை வாலாட்டும் நாயின் வாயில் வைத்தால் ஒட்டாது, நாய்க்கு “வந்துட்டியா! வந்துட்டியா!” என்ற பேச்சுநடைதான் சரி. எதைத் தேர்ந்தாலும் கடைசிவரை அதே நடை இருக்க வேண்டும். குரலைக் கீச்சிட்டு மாற்றிப் பேசுவதும் வேண்டாம். சிரிக்காத குரல்தான் சிரிக்க வைக்கும்.

இந்த வகை வீடியோக்களில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. பிய்ந்த செருப்பை நாயின் முகத்துக்கு முன்னால் நீட்டி “யார் செஞ்சது?” என்று அதட்டுவார்கள். நாய் தலையைத் தாழ்த்திக் கண்ணைத் திருப்பும். பின்குரலில் குற்றவாளியின் வாக்குமூலம் ஓடும். அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த முகத்தைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த தீனியை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. உரிமையாளர் அதட்டினால் அந்த முகம் வருகிறது. தின்னாத நாயும் அதட்டப்பட்டால் அப்படித்தான் விழித்தது. ஆக, நாம் குற்றவுணர்வு என்று சிரிப்பது அதட்டலுக்கு நாய் காட்டும் பதில். பல வீடியோக்களில் அந்த முகத்துக்காகவே அதட்டுகிறார்கள் என்பது இன்னும் மோசம்.

செருப்பு வேடிக்கையை விடவும் வேண்டியதில்லை. பிய்ந்த செருப்பைத் தனியாகப் படம் பிடியுங்கள். அடுத்து, மூலையில் மல்லாந்து தூங்கும் நாய். குரல்: “வீட்டைப் பத்திரமா பாத்துக்கிட்டேன்.” யாரையும் அதட்டவில்லை, சிரிப்பும் குறையவில்லை.

பூனைக்குப் பின்னால் வெள்ளரிக்காயை வைத்துத் துள்ள வைக்கும் வீடியோக்கள் 2015 வாக்கில் உலகம் முழுக்கப் பரவின. அதைப் பார்த்து இன்றும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்த காட்சியில் பூனையின் காது தட்டையாகப் படிந்து, வால் உப்பி, உடம்பு தரையோடு பதுங்கியிருந்தாலோ, நாய் கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்து உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ, அது பயம். பயந்த உடம்பின் மேல் எவ்வளவு மென்மையான வசனத்தை ஒட்டினாலும் அது கேலிதான். அந்தக் காட்சியை வெட்டிவிடுங்கள். அதற்கு வசனம் எழுத உட்கார வேண்டாம்.