மாமியின் பெருவிரலில் ஒரு மாரிக்காலம்

உடம்பு எழுதும் குறிப்பு – 14

நகத்தின் வேர் விரல் தோலின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது, நாம் பார்ப்பது அது தள்ளிவிட்ட தகட்டை மட்டுமே என்று சென்ற வாரம் எழுதினேன். அது போதும். இந்த வாரம் சொரியாசிஸ் குழிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை கல்லடியில் ஒரு மாமியின் கையைப் பார்த்ததிலிருந்து வேறெதுவும் மனசில் நிற்கவில்லை.

மாமிக்கு அறுபது தாண்டிவிட்டது. வாவி இறாலைச் சுளகில் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார். பெருவிரல் நகத்தின் நடுவே குறுக்காக ஒரு பள்ளம், உழவுசால் போல. நான் குனிந்து பார்க்கவும், "என்ன மனே, என்ட விரல இப்பிடிப் பாக்காய்?" என்றார். மற்ற விரல்களையும் காட்டச் சொன்னேன். இரண்டு கையிலும் அதே பள்ளம், ஏறக்குறைய அதே உயரத்தில்.

ஒரு விரலில் மட்டும் பள்ளம் இருந்தால் கதவிடுக்கில் நசுங்கியதையோ அம்மி விழுந்ததையோ விசாரிக்கலாம். பத்து விரலும் ஒரே நேரத்தில் அடிபடுவதில்லை. கடும் காய்ச்சலோ பெரிய சத்திரசிகிச்சையோ வந்து உடம்பு தடுமாறும்போது நகவேர் சில நாள் வேலையைக் குறைத்துக்கொள்கிறது, அல்லது நிறுத்திவிடுகிறது. அந்த நாட்களில் உருவான தகடு மெலிந்துபோகும். அந்த மெலிவுதான் பிறகு பள்ளமாக நகர்ந்து வருகிறது. பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் ஓனொரே சிமோன் போ இதை 1846இல் விவரித்தார். மருத்துவர்கள் இன்றும் இதைப் 'போ கோடு' என்றுதான் சொல்கிறார்கள்.

பள்ளம் நகர்ந்து வருகிறது என்றால் அதன் தேதியையும் கணக்கிடலாம் அல்லவா? அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன் இதில் செய்ததை வாசித்து இந்த வாரம் முழுக்க மகிழ்ந்துபோனேன். 32 வயதில் தொடங்கி ஒவ்வொரு மாத முதல் நாளும் தன் பெருவிரல் நகத்தின் அடியில் ஒரு கீறல் போட்டு, அது நுனிக்குப் போய்ச் சேரும் நாளைக் குறித்துவைத்தார். 35 வருடம் விடாமல் செய்தார். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 0.123 மில்லிமீற்றர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095க்கு இறங்கியிருந்தது. வயது ஏற ஏற நகம் நடை தளர்வதை ஒரே மனிதரின் ஒரே விரலில் காட்டிவிட்டார். அந்தப் பொறுமையை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

பீனின் கடைசிக் கணக்கை மாமிக்குப் போட்டேன். தோல் விளிம்பிலிருந்து பள்ளம் வரை 9 மில்லிமீற்றர். 0.095ஆல் வகுத்தால் 95 நாள். இது மே நடுப்பகுதி. அப்படியானால் பெப்ரவரி பத்தாம் தேதியை ஒட்டி. "பெப்ரவரியில காய்ச்சலா மாமி?" என்றேன். "இல்ல மனே, தைப்பொங்கலுக்கு முன்னமே. மாரி மழையோட டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தன்."

ஒரு மாதத்துக்கு மேல் பிசகு. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. சென்ற வாரம் நானே எழுதிய அந்த மடிப்பைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். வேரில் விழுந்த பள்ளம் தோலுக்கு அடியில் நான்கு முதல் எட்டு வாரம் ஊர்ந்த பிறகே வெளிச்சத்துக்கு வருகிறது. ஐந்து வாரம் கூட்டிப் பாருங்கள், ஜனவரி தொடக்கத்துக்குப் போய்விடும். மாமி சொன்னதே சரி. ஆனாலும் இந்த முறை மாதத்தைத்தான் காட்டும், தேதியைக் காட்டாது. என்ன நோய் என்றும் சொல்லாது. டெங்குவுக்கும் சத்திரசிகிச்சைக்கும் பள்ளம் ஒன்றுதான்.

பள்ளத்தை விட்டு, நகத்தில் விழும் வெள்ளைப் பொட்டுக்கு வருகிறேன். வாவிக்கு மேலே கொக்குகள் பறக்கும்போது சிறுவர்கள் நகத்தை நீட்டிப் பூக் கேட்பார்கள். விழுந்த பூ பெரும்பாலும் வேரில் பட்ட சின்ன இடியின் தழும்புதான். சுண்ணாம்புச் சத்துக் குறைவென்று அதற்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம், வளர்ந்து வெளியேறிவிடும்.

குழிகளுக்கு இனி இடமில்லை. ஒன்றை மட்டும் இப்போதே சொல்கிறேன். குண்டூசியால் குத்தியதுபோல் ஓரிரு குழி நலமானவர்களுக்கும் இருக்கும். குழிகள் பலவாகி, நகத்தின் கீழே எண்ணெய்த் துளி போல மஞ்சள் கறையும் படிந்து, நுனியும் சதையை விட்டுக் கிளம்பியிருந்தால் சொரியாசிஸை நினைக்க வேண்டும், தோலில் ஒரு படைகூட இல்லாவிட்டாலும். அதோடு விரல் நுனி மூட்டு காலையில் விறைத்து வீங்கினால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பூஞ்சணம் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து பூசுவதற்கு முன், நகத்தை வெட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். வேரின் எந்தப் பகுதி கெட்டால் குழி விழுகிறது, அந்த மூட்டுக்கும் நகத்துக்கும் என்ன உறவு என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)