105 நாள் கழித்துத் திரும்பும் பணம்

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்கு உள்ளாடை தைக்கும் ஒரு யூனிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விற்பனை நாளொன்றுக்கு 2 லட்சம் ரூபாய், அதன் அடக்கவிலை 1.5 லட்சம். ஆண்டு முடிவில் லாபம் நிற்கிறது. ஆனால் சனிக்கிழமை சம்பளத்துக்கு ஓ.டி. கணக்கைத்தான் தொட வேண்டியிருக்கிறது.

நூல், துணி, ஆடை என இருப்புச் சரக்கு 90 லட்சம். அதை 1.5 லட்சத்தால் வகுத்தால் 60 நாள். வரவேண்டிய பாக்கி 1.5 கோடி. அதைத் தினசரி விற்பனையான 2 லட்சத்தால் வகுத்தால் 75 நாள். நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் தரவேண்டியது 45 லட்சம், அதாவது 30 நாள் அடக்கவிலை. 60-ஐயும் 75-ஐயும் கூட்டி 30-ஐக் கழித்தால் 105. நூலுக்குக் கொடுத்த பணம் கைக்குத் திரும்ப இத்தனை நாளாகிறது. இதைத்தான் பணச் சுழற்சிக் காலம் என்கிறோம். முடங்கி நிற்பது 1.95 கோடி. 11 சதவீத வட்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 21 லட்சம் போய்விடுகிறது.

இந்தக் கணக்கை மார்ச் 31 இருப்பை மட்டும் வைத்துப் போடக்கூடாது. தீபாவளிக்கு முன் சரக்கு மலையாய்க் குவியும், பிறகு வடிந்துவிடும். மாதக் கடைசி இருப்புகளின் சராசரியே உண்மையைச் சொல்லும்.

குறைப்பதைச் சரக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு லாட் துணிக்கு ஒவ்வொரு கட்டத்திலும் தேதி எழுதி வாருங்கள். வேலை நடந்த நாட்களைவிடக் காத்திருந்த நாட்களே அதிகம் என்பது தெரியும். பெரும்பாலும் 85 சைஸ் மட்டும் தைத்து முடியாததால் மற்ற சைஸ்கள் பெட்டியோடு கிடக்கும். சைஸ் விகிதப்படி கட்டிங் போட்டு 10 நாள் குறைத்தாலே 15 லட்சம் விடுபடும்.

பாக்கியை விரைவாக வாங்கத் தள்ளுபடி தரலாம், ஆனால் கணக்குப் பார்த்துத் தர வேண்டும். 75 நாளுக்குப் பதில் 10-வது நாளில் பணம் வந்தால் மிச்சமாகும் 65 நாள் வட்டி, 11 சதவீதப்படி, 1.96 சதவீதம்தான். ஆகவே 1.5 சதவீதத் தள்ளுபடி லாபம், 2 சதவீதம் கொடுத்தால் கைக்கு ஒன்றும் மிஞ்சாது.

சாயப்பட்டறைக்காரருக்குத் தாமதமாகக் கொடுத்தும் சுழற்சியைச் சுருக்கலாம் என்பார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். அவரும் நம்மைப் போல் ஓ.டி.யில் ஓடுகிறவர். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி.

அதே சட்டம் உத்யம் பதிவுள்ள நம் யூனிட்டுக்கும் துணை நிற்கிறது. 75 நாள் பாக்கியே வரம்பு மீறியதுதான். பழைய பார்ட்டியிடம் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. புதிய பார்ட்டிக்காவது முதல் பில்லிலேயே உத்யம் எண்ணையும் 45 நாள் கெடுவையும் அச்சிட்டுக் கொடுங்கள்.