புத்தகம் திறந்திருந்தும் விடை கிடைக்காதபோது

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு, எனர்ஜி மேனேஜர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் தேர்வு நடத்துகிறது. ஆடிட்டராக விரும்புகிறவர்கள் எழுதும் நான்காவது தாளுக்குப் புத்தகத்தைப் பார்த்தே விடை எழுதலாம். 100 மதிப்பெண், 2 மணி நேரம், பெரும்பாலும் கணக்குகள். பக்கம் புரட்டியே நேரத்தைத் தொலைப்பவர்கள் இதில் அதிகம். அதனால்தான் பலர் சொந்தமாக ஒரு ஃபைல் தயாரிக்கிறார்கள்.

அந்த ஃபைலுக்கும் பாடநூலைப் போலவே அத்தியாய வரிசையில் பொருளடக்கம் போட்டால் பயனில்லை. கேள்வித்தாள் அத்தியாயத்தின் பெயரைச் சொல்வதில்லை. பாய்லர் புகையில் ஆக்சிஜன் 7% என்று சொல்லிவிட்டு, உலர் புகையோடு போகும் வெப்ப இழப்பைக் கேட்கும். எனவே அட்டவணையில் 'ஆக்சிஜன்', 'எக்ஸஸ் ஏர்', 'ஃப்ளூ கேஸ்' மூன்றையும் தனித்தனியாக எழுதி, ஒரே பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். அகரவரிசை, கேள்வித்தாள் வரும் மொழியில் இருக்கட்டும்.

அந்தப் பக்கத்தில் சூத்திரத்தோடு, எண் போட்டுச் செய்த ஒரு கணக்கும் வேண்டும். உபரிக் காற்று: 7 × 100 / (21 − 7) = 50%. ஒரு கிலோ எண்ணெய் எரியக் கோட்பாட்டின்படி 14 கிலோ காற்று தேவையென்றால், உண்மையில் போவது 21 கிலோ. எரிபொருளையும் சேர்த்தால் புகை சுமார் 22 கிலோ. புகை 220 டிகிரி, வெளிக்காற்று 30 டிகிரி என்றால் 22 × 0.23 × 190, அதாவது சுமார் 961 கிலோகலோரி. எண்ணெயின் வெப்ப மதிப்பு 10,000 கிலோகலோரி என்றால் இழப்பு 9.6%.

இதன் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: '0.23 என்பது கிலோகலோரிக் கணக்கு; வெப்ப மதிப்பு கிலோஜூலில் வந்தால் 4.187ஆல் வகு.' வகுக்க மறந்தால் இழப்பு 2.3% என்று வரும். மேலே போட்டு வைத்த 9.6% கண்ணில் பட்டால், இவ்வளவு குறைவாக வந்ததில் ஏதோ கோளாறு என்று உடனே சந்தேகம் வரும். என்னைக் கேட்டால், மனப்பாடமாகத் தெரிந்த சூத்திரத்தைவிட இந்தச் சிவப்பு வரிக்குத்தான் ஃபைலில் அதிக உரிமை.

பக்க எண்ணை 1, 2, 3 என்று தொடர்ச்சியாகப் போடாதீர்கள். நடுவில் ஒரு தாளைச் செருகினால் அட்டவணை முழுவதும் பொய்யாகிவிடும். பாய்லருக்கு B1, B2, பம்புக்கு P1, P2 என்று வைத்தால், B5 புதிதாக வந்தாலும் பம்பு பக்கங்கள் அப்படியே நிற்கும்.

பிறகு பழைய கேள்வித்தாளை எடுத்து, கணக்கைச் செய்யாமல் பக்கத்தை மட்டும் தேடிப் பாருங்கள். அரை நிமிடத்தில் கிடைக்காவிட்டால், முதலில் எந்தச் சொல்லைத் தேடினீர்களோ அதையே அட்டவணையில் சேருங்கள். உதிரித் தாள்களுக்கு அனுமதி உண்டா என்று அந்த ஆண்டின் தேர்வு அறிவுறுத்தலில் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்ததும் ஸ்பைரல் பைண்டிங் போட்டுவிடுங்கள்.