“சும்மா போனேன், நல்லா இருந்துச்சு”: காசு வாங்கிய காணொளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் கடைகளும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா புடவைக் கடைகளும் உங்கள் கைப்பேசிக்குள் வந்துவிடும். “சும்மா இந்தப் பக்கம் வந்தேன், சொல்லாம இருக்க முடியல” என்று ஒருவர் புடவையைத் தூக்கிக் காட்டுவார். அது அவருடைய சொந்தக் கருத்தா, கடை கொடுத்த காசா?

ஒரே ஒரு காணொளியை எத்தனை முறை பார்த்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. அதே பொருளைப் பற்றிய நான்கைந்து காணொளிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2015 மார்ச் மாத இறுதியில், ஒரே வாரக்கடைசியில், 50 ஃபேஷன் பிரபலங்கள் ஒரே கவுனை அணிந்து இன்ஸ்டாகிராமில் படம் போட்டார்கள். கவுன் விற்றுத் தீர்ந்தது. பின்னர்தான் உண்மை தெரிந்தது. லார்ட் அண்ட் டெய்லர் என்ற கடை ஒவ்வொருவருக்கும் கவுனை இலவசமாகக் கொடுத்து, 1,000 முதல் 4,000 டாலர் வரை பணமும் தந்திருந்தது. கடையின் பெயரையும் `#DesignLab` என்ற ஹேஷ்டேக்கையும் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். பதிவுகளைக் கடை முன்கூட்டியே பார்த்து ஒப்புதலும் கொடுத்தது. ‘இது விளம்பரம்’ என்று சொல்லும்படி மட்டும் கேட்கவில்லை. அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுக்க, 2016-இல் கடை சமரசத்துக்கு வந்தது.

ஒரு படத்தை மட்டும் பார்த்தவருக்குச் சந்தேகமே வந்திருக்காது. நாள், கவுன், ஹேஷ்டேக் மூன்றும் ஒன்றாக இருந்ததுதான் தடயம்.

இதையே நம்மூரில் செய்து பார்க்கலாம். கிள்ளானில் ஒரு புடவைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கடையின் பெயரைத் தேடி, காணொளிகள் வெளிவந்த தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமாக யாரும் பேசாத கடையைப் பற்றி மூன்று நாளில் ஐந்து பேர் பேசினால், அடுத்து அவர்கள் சொல்லும் வார்த்தைகளைக் கவனியுங்கள். “நல்ல புடவை” என்று ஐந்து பேரும் சொல்வது சாதாரணம். ஆனால், “199 ரிங்கிட்டிலிருந்து, இரண்டாவது மாடியில், இந்த ஞாயிறு வரை மட்டும்” என்று ஐந்து பேரும் அதே வரிசையில் சொன்னால், யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தன் காசில் துணி வாங்கியவர் பொதுவாக வேறு மாதிரி பேசுவார். பார்க்கிங் கிடைக்காத கதை வரும், பிளவுஸ் துணி கொஞ்சம் மெலிசு என்பார்.

கடையின் பெயர் எத்தனை தடவை வருகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிடக் காணொளியில் முழுப் பெயர் நான்கு முறை, கடைசியில் முகவரி, பிறகு பேசுபவரின் பெயரிலேயே ஒரு தள்ளுபடிக் குறியீடு. அந்தக் குறியீடு முக்கியம். யார் மூலம் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கடை கணக்குப் பார்ப்பது அதை வைத்துத்தான். டிக்டாக்கில் ‘பெக் கூனிங்’ எனும் மஞ்சள் பை இருந்தால், அதன் வழியாக நடக்கும் விற்பனையில் பேசுபவருக்குப் பொதுவாகக் கமிஷன் உண்டு.

இதற்கு எல்லையும் உண்டு. பண்டிகைக் காலத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் கடைக்குப் போவது இயல்பு. தேதி மட்டும் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. ஒரே வாசகம் கடையின் பேனரிலிருந்தும் வந்திருக்கலாம். தேதி, வார்த்தை, குறியீடு மூன்றும் சேர்ந்தால்தான் சந்தேகம் வலுவாகும். அப்போதும் அது சந்தேகம்தான். கமெண்டில் போய், “காசு வாங்கினியா?” என்று சண்டை பிடிக்க அது போதாது, “இது விளம்பரமா?” என்று மரியாதையாகக் கேட்கலாம். அந்தக் கேள்வி மட்டும் அழிக்கப்பட்டால், அதுவும் ஒரு தகவல்.

காசு வாங்குவது தவறில்லை, மறைப்பதுதான் பிரச்சினை. 2022-இல் புதுப்பிக்கப்பட்ட மலேசிய உள்ளடக்க நெறிமுறை, சமூக ஊடகப் பிரபலங்கள் விளம்பரத்தை விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. அதனால் `#ad`, `Paid partnership`, `Iklan` போன்ற சொற்களைத் தேடுங்கள். முப்பது ஹேஷ்டேக்குகளின் கடைசியில், “மேலும்” என்பதை அழுத்தினால்தான் தெரியும் இடத்தில் அது ஒளிந்திருந்தால், சொன்னதாகவே எடுத்துக்கொள்ள முடியாது. “நன்றி” என்று கடையை டேக் செய்வதும் அறிவிப்பு ஆகாது. ஓசியில் சாப்பிட்ட வாழையிலைச் சாப்பாடும் பலன்தான், ரொக்கம் கைமாறியிருக்க வேண்டும் என்பதில்லை.

புடவையில் ஏமாந்தால் போவது பணம். சர்க்கரையைக் குறைக்கும் கஷாயம், மூட்டுவலித் தைலம் என்றால் கதை வேறு. மலேசியாவில் மருந்து விளம்பரங்களுக்கு மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் பெற்ற விளம்பரத்தில் `KKLIU` என்று தொடங்கும் எண் இருக்கும். “எங்க அம்மாவுக்கு ரெண்டு வாரத்துல சரியாயிடுச்சு” என்று ஒருவர் பாட்டிலைக் காட்டி, விலையும் சொல்லி, அந்த எண்ணை மட்டும் காட்டவில்லை என்றால் வாங்காதீர்கள். உள்ளடக்க மன்றத்திடம் புகார் செய்யலாம். காணொளி அழிக்கப்படும் முன் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இணைப்பையும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.